வேலை போனபின் லோன் தவணை: வங்கிக்கு என்ன எழுதுவது, எதை இணைப்பது

கேள்வி: “நான் கோப்பாய். ஏழு வருசம் வேலை செய்த கொம்பனி யாழ்ப்பாணக் கிளையை மூடிப்போட்டுது, போன மாதம் 31 ஓட வேலை முடிஞ்சுது. வங்கியில பத்து லட்சம் லோன், 15 வீத வட்டி, 5 வருசம், மாதம் 23,790 ரூபா. 24 தவணை ஒழுங்காக் கட்டியிருக்கிறன். அடுத்த தவணை 25 ஆம் திகதி. ரெண்டு பேர் பிணை நிக்கினம். ஆறு மாதத்துக்கு லோனை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கலாமோ? என்ன எழுத, என்னத்தை இணைக்க வேணும்?”

பதில்:

கேட்கலாம். ஆனால் “நிப்பாட்டுங்கோ” என்று கேட்காதீர்கள். “ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டுகிறேன், முதலைப் பின்னுக்குத் தள்ளித் தாருங்கள்” என்று கேளுங்கள். அதையும் 25 ஆம் திகதிக்கு முன்னர் எழுத்தில் கொடுங்கள்.

2020 இல் கொரோனா நேரம் மத்திய வங்கி உத்தரவிட்டதால் பாதிக்கப்பட்ட பலரின் தவணைகளை வங்கிகள் நிறுத்தி வைத்தன. அந்த நினைவில் பலர் இப்போதும் சலுகைக் காலம் தங்கள் உரிமை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். தனியொருவருக்கு வேலை போனால் அப்படியான கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. தருவதும் மறுப்பதும் அவர்களின் தீர்மானம். கிளை முகாமையாளருக்கு மனம் இருந்தாலும், பெரும்பாலும் அவர் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பித்தான் அனுமதி எடுக்க வேண்டும். உங்களைக் கண்டிராத ஒருவர் கொழும்பில் இருந்து அந்தக் குறிப்பைப் படிப்பார். உங்கள் கடிதமும் இணைப்புகளும் அந்தக் குறிப்பை முகாமையாளர் சுலபமாக எழுதக்கூடிய மாதிரி இருக்க வேண்டும்.

வட்டி மட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 24 தவணை கட்டிய பிறகு உங்கள் முதலில் ஏறத்தாழ 686,277 ரூபா நிற்கிறது. கடிதம் எழுத முதல் கிளையில் சரியான மீதியைக் கேட்டு வாங்குங்கள், சில ரூபா வித்தியாசப்படலாம். இந்த மீதிக்கு 15 வீதப்படி ஒரு மாத வட்டி 8,578 ரூபா. ஆறு மாதம் ஒன்றுமே கட்டாமல் விட்டால் அந்த வட்டி மறைந்து போவதில்லை. மாதாமாதம் முதலோடு சேர்ந்து, ஆறு மாத முடிவில் மீதி 739,383 ஆகிவிடும். அதன் பிறகு முந்தியது போல 36 தவணை கிடைத்தால் மாதம் 25,631 கட்ட வேண்டும். கடைசித் திகதியை வங்கி நீட்டாவிட்டால் அதே தொகையை 30 மாதத்துக்குள் கட்ட வேண்டும், அப்போது தவணை 29,707. வேலை போய்த் திரும்பவும் எழும்புகிற ஒருவருக்கு மாதம் ஆறாயிரம் கூடுவது சின்ன விசயம் இல்லை. “சலுகை எடுத்தும் அடிபட்டுப் போனன்” என்று சொல்கிறவர்களில் கனபேர், கடைசித் திகதி நீள்கிறதா என்று கேளாமல் கையெழுத்து வைத்தவர்கள்.

வட்டியை மட்டும் கட்டி வந்தால் முதல் ஏறாது. ஆறு மாதம் கழித்து பழைய 23,790 ஐயே திரும்பத் தொடங்கலாம், கடன் ஆறு மாதம் பிந்தி முடியும். உங்களுக்கு மொத்தமாகக் கூடுவது அந்த ஆறு மாத வட்டி, அதாவது 51,471 ரூபா. முழுதாக நிறுத்தி 36 தவணை எடுத்தால் கூடுவது 66,000 ரூபாவுக்கு மேல். வங்கியின் பக்கம் பார்த்தாலும் மாதாமாதம் ஏதோ வந்துகொண்டிருக்கும் கணக்குக்கு அனுமதி எடுப்பது லேசு.

மூன்றாவது வழி தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது. 686,277 ஐ புதிதாக 60 மாதத்துக்குப் பரப்பினால் தவணை 16,326 ஆகும், ஆனால் மொத்தத்தில் 123,000 ரூபா அளவு கூடக் கட்டுவீர்கள். அடுத்த வேலையின் சம்பளம் நிச்சயமாகக் குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தால் இது சரியான வழி. ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வரலாம் என்றால் இதைத் தொடாதீர்கள்.

இனி, எந்தத் தொகையைக் கேட்பது என்பது உங்கள் வீட்டுக் கணக்கில் இருந்து வர வேண்டும். ஒரு தாளில் இதை எழுதுங்கள். உதாரணமாக, நீங்கள் இப்போது சில்லறை வேலையாக மாதம் 34,000 உழைக்கிறீர்கள், மனைவி தையலில் 18,000 உழைக்கிறார் என்று வைப்போம். வரவு 52,000. சாப்பாட்டுச் செலவு 26,000, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ரியூசனும் 5,000, மின்சாரமும் தண்ணியும் போனும் 4,500, பெற்றோல் 3,000, மருந்து 3,000. செலவு 41,500. மிஞ்சுவது 10,500. வட்டி 8,578 இதற்குள் அடங்குகிறது, 23,790 அடங்காது. வங்கிக்காரர் பார்க்க விரும்புவது இந்த இரண்டு வரியைத்தான்.

பலருக்குக் காரியம் கெடுவதும் இந்தத் தாளில்தான். இரக்கம் வரட்டும் என்று வரவை 30,000 என்றும் செலவை 55,000 என்றும் எழுதிவிடுவார்கள். அதைப் பார்க்கிற அதிகாரிக்கு வரும் முதற் கேள்வி, மிச்ச 25,000 எங்கிருந்து வருகிறது என்பது. ஒன்றில் மறைத்த வருமானம் இருக்கிறது, அல்லது வெளியில் கடன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் சலுகை கிடைக்காது. எங்கள் ஊரில் இந்த மறைத்த வரவு பெரும்பாலும் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் அண்ணனோ அக்காவோ அனுப்பும் காசு. அது உண்டியலில் வந்தால் ஒரு துண்டுச் சான்றும் இருக்காது. இந்த ஆறு மாதத்துக்காவது வங்கி மூலம் அல்லது பதிவுள்ள பண அனுப்பல் நிறுவனம் மூலம் அனுப்பச் சொல்லுங்கள். மாதம் 15,000 ரூபா உங்கள் கணக்குக் கூற்றில் வரவாகத் தெரிந்தால் அது வருமானச் சான்று. கையில் வாங்கினால் அது வெறும் கதை.

இணைக்க வேண்டியவற்றில் முதலாவது வேலை முடிவுறுத்தல் கடிதம். கடைசி வேலைநாள், காரணம், சேவைக்காலம், தர வேண்டிய கொடுப்பனவுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். “கிளை மூடப்பட்டதால்” என்று காரணம் எழுதியிருப்பது உங்களுக்குப் பெரிய பலம். சில நிறுவனங்கள் நீங்களாக விலகியதாகக் கடிதம் எழுதித் தரச் சொல்லும். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் வங்கியில் உங்கள் கதை மாறிவிடும், தொழில் சட்டத்தின்படி இழப்பீடு கேட்கும் வழியும் அடைபடலாம். ஏற்கெனவே அப்படிக் கேட்டிருந்தால் கையெழுத்து வைக்க முதல் யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தில் போய்க் கதையுங்கள்.

அடுத்து கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, சம்பளம் விழுந்த கணக்கின் ஆறு மாதக் கூற்று. கூற்றில் சம்பளம் வந்ததும் பிறகு நின்றதும் தானாகத் தெரியும். சம்பள வரவு வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி போட்டுவிடுங்கள், படிக்கிறவர் தேடத் தேவையில்லை.

இப்போதைய வருமானத்துக்குச் சம்பளச் சிட்டை இருக்காது என்பதால் இங்கேதான் கொஞ்சம் வேலை இருக்கிறது. உழைக்கும் காசைக் கையோடு செலவழிக்காமல் கிழமைக்கு ஒரு தடவை கணக்கில் போடுங்கள், பிறகு தேவைக்கு எடுங்கள். ஒரு மாதத்தில் நாலு வைப்பு வரி உருவாகிவிடும். வேலை தந்தவர் எழுதித் தருவார் என்றால் திகதி, வேலை, தொகை, அவரின் தொலைபேசி இலக்கம் போட்டு வாங்குங்கள். மனைவியின் தையலுக்கு ஓடர் எழுதும் கொப்பியின் இரண்டு மாதப் பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். இதற்கு மேல் கிராம அலுவலரிடம் வருமான உறுதிப்படுத்தல் எடுத்து, கோப்பாயில் உள்ள வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். விதானையாரிடம் போகும்போது வேலை முடிவுறுத்தல் கடிதத்தின் பிரதியையும் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பழைய உத்தியோகத்தையே எழுதிவிடக்கூடும். அவர் எழுதும் தொகையும் உங்கள் தாளில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 34,000, மற்றதில் 20,000 என்று இருந்தால் இரண்டுமே பயனில்லை. தெரிந்தவரின் கடையில் பொய்ச் சம்பளக் கடிதம் வாங்கிக் கொடுக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் அது பிடிபடும், அதோடு அந்தக் கிளையில் உங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும்.

பணிக்கொடையை மறைக்கவும் கூடாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். வேலை முடிந்து 30 நாளுக்குள் அது தரப்பட வேண்டும். உங்கள் கடைசிச் சம்பளம் 60,000 என்றால் ஏழு வருடத்துக்கு 210,000. சேவைக்காலத்தைக் கடிதத்தில் பார்த்ததும் வங்கி அதிகாரி இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடுவார். ஆகவே நீங்களே சொல்லுங்கள், அதில் 52,000 ரூபாவை ஆறு மாத வட்டிக்கென்று ஒதுக்குவதாகவும் எழுதுங்கள். சில்லறை வேலை ஒரு மாதம் தவறினாலும் வட்டி தவறாது என்று இதனால் காட்டிவிடுகிறீர்கள், விண்ணப்பத்தில் இதைவிடப் பலமான வரி வேறு இல்லை. மிச்சத்தை லோனுக்குள் கொட்டாதீர்கள், வீட்டுக்கு வைத்திருங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியையும் வேலை விட்டபின் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். சேமலாப நிதியை வேலை போனது என்ற காரணத்துக்காக எடுக்க முடியாது, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பணிக்கொடை வந்து விழும் கணக்கும் லோன் தவணை வெட்டுப்படும் கணக்கும் ஒன்றாக இருந்து, தவணையும் நிலுவையில் இருந்தால், காசு விழுந்த அன்றே நிலுவை வெட்டுப்படும். கடன் ஒப்பந்தங்களில் பொதுவாக அதற்கு அனுமதி எழுதியே இருக்கும். நிலுவை வர முதல் கடிதம் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. இப்படி எழுதலாம்:

“கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

கடன் இலக்கம் ……: வேலை இழப்புக் காரணமாக 6 மாதங்களுக்கு வட்டி மாத்திரம் செலுத்த அனுமதி கோரல்

மேற்படி கடனில் இதுவரை 24 தவணைகளையும் உரிய திகதிகளில் செலுத்தியுள்ளேன். நான் பணியாற்றிய நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளை மூடப்பட்டதால் கடந்த மாதம் 31 ஆம் திகதியுடன் எனது சேவை முடிவுற்றது (இணைப்பு 1). எனது தற்போதைய குடும்ப வருமானம் மாதம் 52,000 ரூபா, அத்தியாவசியச் செலவு 41,500 ரூபா (இணைப்பு 2 முதல் 6 வரை). இதன்படி 23,790 ரூபா தவணையை இப்போது செலுத்த இயலாது. மாத வட்டியான 8,578 ரூபாவைச் செலுத்த இயலும்.

எனவே எதிர்வரும் 25 ஆம் திகதித் தவணை முதல் 6 மாதங்களுக்கு வட்டியை மாத்திரம் அறவிடுமாறும், கடனின் முடிவுத் திகதியை 6 மாதங்களால் நீடிக்குமாறும், இக்காலத்துக்குத் தாமத வட்டி அறவிடாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். கிடைக்கவுள்ள பணிக்கொடையில் 52,000 ரூபாவை இவ்வட்டிக்கென ஒதுக்குவேன். ஆறு மாதத்துக்குள் நிரந்தர வேலை கிடைத்தால் உடன் அறிவித்து முழுத் தவணையைத் தொடங்குவேன். பிணையாளர் இருவரும் இதனை அறிவர். தங்கள் தீர்மானத்தை எழுத்தில் அறியத் தருமாறு வேண்டுகிறேன்.”

தமிழில் கொடுப்பதில் பிழை இல்லை. ஆனால் மேலே படிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். வரவு செலவுத் தாளை இலக்கங்கள் முன்னுக்குத் தெரியும்படி ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வைத்துவிட்டால் மொழிபெயர்ப்புக்கென்று கோப்பு கிளையிலேயே கிடக்காது.

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் பெற்ற அலுவலரின் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் அதே நாள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். “நீங்கள் போங்கோ தம்பி, நான் பாக்கிறன்” என்று அன்பாகச் சொல்லி அனுப்புவார்கள். அந்த அன்பு உண்மையாக இருக்கலாம், ஆனால் கணினியில் நாள் எண்ணுவது அதனால் நிற்காது. எழுத்தில் அனுமதி வரும்வரை பழைய தவணைதான் செல்லுபடியாகும்.

நாள் எண்ணுவது ஏன் முக்கியம் என்றால், 90 நாள் நிலுவையானதும் அந்தக் கடன் செயற்படாக் கடன் என்ற வகைக்குள் போய்விடும். அதுவரை உங்கள் கிளை கையாண்டது போல இராது, கோப்பு அறவீட்டுப் பிரிவின் கைக்குப் போகும். பிறகு தவணையை மாற்றித் தந்தாலும் அது கெட்டுப்போன கடனை மீள் அட்டவணைப்படுத்தியதாகவே பதிவாகும். எல்லாருடைய கடன் விவரங்களையும் பதிந்து வைக்கும் கிறிப் பணியகத்தைக் கறுப்புப் பட்டியல் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அங்கே ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும், பிந்தியதும் பதிவாகும். பிணை நின்றவர்களின் அறிக்கையிலும் உங்கள் கடன் தெரியும். நாளைக்கு அவர்களில் ஒருவர் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது உங்கள் நிலுவைதான் முன்னுக்கு நிற்கும்.

பதில் வரும்வரை ஏதோ கட்டிக்கொண்டிருந்தால் நாள் நின்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். மாதம் 9,000 கட்டுகிறீர்கள் என்று வைப்போம். அது மிகப் பழைய தவணைக்குப் போகும். மூன்றாம் மாதம் 27,000 சேர்ந்ததும்தான் முதல் தவணை தீரும், அப்போது இரண்டாம் தவணைக்கு ஏற்கெனவே 30 நாள். ஐந்தாம் தவணை நாளில் கட்டிய மொத்தம் 45,000, இரண்டு தவணைக்கு வேண்டியது 47,580. இரண்டாம் தவணை இன்னும் தீரவில்லை, அதற்கு 90 நாள் ஆகிவிட்டது. ஒன்றுமே கட்டாவிட்டால் நாலாம் தவணை நாளில் வரும் எல்லை, பாதி கட்டினால் ஐந்தாம் தவணை நாளில் வரும். ஒரு மாத அவகாசம், அவ்வளவுதான். தாமத வட்டியை முதலில் கழிக்கும் வங்கியாக இருந்தால் கணக்கு இன்னும் இறுக்கம். கட்டுங்கள், ஆனால் அதை அனுமதிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் கொடுத்து இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் நேரில் போய், முத்திரை குத்திய பிரதியைக் காட்டி, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று கேளுங்கள்.

தாலிக்கொடியை அடைவு வைத்து இரண்டு மூன்று தவணை கட்டிவிட்டு, நகையும் போய்க் காசும் முடிந்த பிறகு வங்கிக்குப் போகும் வழக்கத்தைப் பார்க்கப் பார்க்க மனம் நோகிறது. மானம் காக்கச் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மூன்று மாதமும் உங்கள் கணக்கில் ஒரு கஷ்டமும் தெரியாது, அடைவு வட்டி வேறு ஏறும், நாலாம் மாதம் போகும்போது கையில் காட்ட ஒன்றும் இராது.

பிணையாளர்களிடம் கடிதம் கொடுக்க முதலே சொல்லுங்கள். நிபந்தனை மாறும்போது பிணையும் தொடர வேண்டும் என்பதால் வங்கிகள் பெரும்பாலும் அவர்களின் கையெழுத்தைத் திரும்பக் கேட்கும். இரண்டு பேரில் ஒருவர் இதற்கிடையில் வெளிநாடு போய்விட்டார் என்றால் அனுமதி வந்தும் கோப்பு அங்கேயே நிற்கும். அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்பலாமா, வேறு பிணையாளரைத் தரலாமா என்று கிளையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் கையெழுத்து வைக்க முதல் நாலு இடத்தைப் பாருங்கள். வட்டி வீதம் 15 ஆகவே இருக்கிறதா, புதிய வீதமா. கடைசித் திகதி ஆறு மாதம் நீள்கிறதா. ஏற்கெனவே ஏறிய தாமத வட்டி தள்ளுபடியா, முதலோடு சேர்கிறதா. ஏழாம் மாதத் தவணை எவ்வளவு. இந்தக் கடைசித் தொகை 23,790 இல் இருந்து விலகியிருந்தால் ஏன் என்று கேட்டுப் புதிய தவணை அட்டவணையை வாங்குங்கள். தானாக வெட்டுப்படும் கட்டளையையும் 8,578 ஆக மாற்றச் சொல்லுங்கள். இதை மறந்தால் வட்டி மட்டும் அனுமதித்த மாதத்திலேயே கணினி முழுத் தவணையை வெட்டிவிடும்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு அதே கடிதத்தைப் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பலாம், அல்லது காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கும் வழியைக் கேட்கலாம். பதிலே தராமல் இழுத்தடித்தால், அல்லது ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணம் வெட்டினால், முதலில் வங்கியிடமே எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 இல் அழைக்கலாம். ஆனால் சலுகை தந்தே ஆகவேண்டும் என்று அவர்கள் வங்கிக்குக் கட்டளை இடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

லோனோடு லீசிங்கில் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் அந்தக் கம்பனிக்கு இதே வடிவில் இன்னொரு கடிதத்தை இன்றைக்கே எழுதுங்கள். கடன் முடியும்வரை வாகனத்தின் உரிமை அவர்களிடம்தான், அதனால் அங்கே அவகாசம் குறைவு. சில்லறை வேலைக்கு ஓடுவதும் அதே வாகனத்தில்தான் என்றால், வங்கித் தாளில் காட்டிய 34,000 உம் அதில்தான் தங்கியிருக்கிறது.